புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை: 3 மணி, 12 மணி, 24 மணி என்று ஏன் இத்தனை கணக்கு?

கேள்வி: குழந்தை பிறந்த பிறகு கருத்தடைக்காக நோரெதிஸ்டிரோன் மினி பில் எடுத்தேன். அதில் 3 மணி நேரம் தாமதமானாலே போச்சு என்றார்கள். இப்போது டெசோஜெஸ்ட்ரல் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இதில் 12 மணி நேரம் வரை பரவாயில்லையாம். என் அக்கா எடுக்கும் மாத்திரையில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எல்லாமே ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரைதானே, ஏன் இந்த வித்தியாசம்? நேற்று 5 மணி நேரம் தாமதமாக எடுத்தேன், இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்:

நேற்று எடுத்தது டெசோஜெஸ்ட்ரல் என்றால் எதுவும் செய்ய வேண்டாம். இன்று வழக்கமான நேரத்துக்கே அடுத்த மாத்திரையை எடுங்கள், ஆணுறை தேவையில்லை. அது பழைய நோரெதிஸ்டிரோனாக இருந்திருந்தால் அதே 5 மணி நேரம் 'தவறவிட்ட மாத்திரை' கணக்கில் வந்திருக்கும். அதனால் முதலில் அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் பாருங்கள். பிராண்டு பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். லெவோனோர்ஜெஸ்ட்ரல் 30 மைக்ரோகிராம், நோரெதிஸ்டிரோன் 350 மைக்ரோகிராம் (0.35 மில்லிகிராம் என்றும் அச்சிட்டிருக்கும்), நோர்ஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் ஆகிய மூன்றும் பழைய வகை, 3 மணி நேரக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் என்றால் 12 மணி. டிரோஸ்பிரெனோன் 4 மில்லிகிராம் என்றால் 24 மணி. நோர்ஜெஸ்ட்ரலிலும் டெசோஜெஸ்ட்ரலிலும் அதே 75 என்ற எண் இருப்பதைக் கவனியுங்கள். எண்ணை மட்டும் பார்த்தால் குழம்பிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. டிரோஸ்பிரெனோன், ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்த மாத்திரைகளிலும் வருகிறது. அவற்றுக்குத் தனி விதி. உங்கள் அக்காவின் அட்டையில் டிரோஸ்பிரெனோனோடு எத்தினைல் எஸ்ட்ராடையால் போன்ற இன்னொரு பெயரும் இருந்தால், இங்கே எழுதும் எதுவும் அவருக்குப் பொருந்தாது.

வித்தியாசத்துக்குக் காரணம், மூன்று வகையும் கர்ப்பத்தைத் தடுக்கும் இடம் ஒன்றல்ல என்பதுதான். பழைய வகையில் புரோஜெஸ்டின் அளவு மிகக் குறைவு. அது கருமுட்டை வெளியாவதை எல்லா மாதமும் நிறுத்துவதில்லை; சுமார் பாதி சுழற்சிகளில் முட்டை வழக்கம்போல வெளியாகிவிடும். அந்த மாதங்களில் காப்பாற்றுவது கருப்பை வாயில் உள்ள சளி மட்டுமே. மாத்திரை எடுத்த சில மணி நேரத்தில் அந்தச் சளி கெட்டியாகி, விந்தணு ஊடுருவ முடியாதபடி ஆகிவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் மருந்து குறையக் குறைய அது மறுபடி நெகிழத் தொடங்கும். நோரெதிஸ்டிரோன் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 8 மணி நேரமே ஆகும். அடுத்த மாத்திரைக்கான 24 மணி நேரம் வரும்போது கையில் மிச்சம் அதிகம் இருக்காது. அதற்கு மேல் 3 மணி நேரம்தான் தைரியமாகத் தர முடிந்த சலுகை.

டெசோஜெஸ்ட்ரல் வேறு மாதிரி. உடலுக்குள் அது எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற பொருளாக மாறுகிறது. கையில் பதிக்கும் கருத்தடைக் குச்சியில் இருப்பதும் அதே பொருள்தான். அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். முக்கியமாக, 75 மைக்ரோகிராம் அளவிலேயே இது கிட்டத்தட்ட எல்லா சுழற்சிகளிலும், ஆய்வுகளில் 97 சதவீதத்துக்கும் மேல், முட்டை வெளியாவதையே நிறுத்திவிடுகிறது. சளி கெட்டியாவது இங்கே இரண்டாவது காவல். வேண்டுமென்றே சில மாத்திரைகளை 12 மணி நேரம் தாமதமாக எடுக்க வைத்துப் பெண்களின் சினைப்பையைக் கண்காணித்த ஆய்விலும் முட்டை வெளியானது மிக அரிது. 12 மணி என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. டிரோஸ்பிரெனோனும் முட்டை வெளியாவதைத் தடுத்தே வேலை செய்கிறது, அதுவும் பாதியாகக் குறைய சுமார் 30 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு அட்டையில் 24 மருந்து மாத்திரை, 4 வெறும் மாத்திரை. நாலு நாள் மருந்தே இல்லாமல் இருந்தும் சினைப்பை விழித்துக்கொள்ளாதபடி வடிவமைத்ததால்தான் ஒரு நாள் தாமதத்தை அது தாங்குகிறது.

இனி கணக்கு போடும் முறை. 'எத்தனை மணி தாமதம்' என்று யோசிப்பதைவிட, கடைசியாக எடுத்த மாத்திரையிலிருந்து எத்தனை மணி நேரம் ஆனது என்று எண்ணுங்கள். பழைய வகைக்கு 27 மணி, டெசோஜெஸ்ட்ரலுக்கு 36 மணி, டிரோஸ்பிரெனோனுக்கு 48 மணி. இப்படி எண்ணினால் ஒரு தப்பு தானாகவே விலகும். தினமும் இரவு 8 மணிக்கு எடுப்பவர் நேற்று அவசரத்தில் மாலை 6 மணிக்கே எடுத்திருந்தால், இன்று 11 மணி வரை நேரம் இருப்பதாக நினைப்பார். உண்மையில் 9 மணிக்கே 27 மணி நேரம் முடிந்துவிடும். சீக்கிரம் எடுப்பதில் பாதுகாப்புக் குறைவு இல்லை, அடுத்த நாள் கணக்கு அங்கிருந்து தொடங்கும், அவ்வளவுதான்.

ஒரே சம்பவத்தை மூன்று மாத்திரையிலும் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் தினமும் இரவு 8 மணிக்கு எடுக்கிறார். திங்கள் 8 மணிக்கு எடுத்தார், செவ்வாய் மறந்துவிட்டார். புதன் காலை 6 மணிக்கு எழுந்ததும் அட்டையில் செவ்வாய்க்கிழமை மாத்திரை அப்படியே இருப்பதைப் பார்க்கிறார். கடைசி மாத்திரையிலிருந்து 34 மணி நேரம் ஆகியிருக்கிறது.

அவர் எடுப்பது நோரெதிஸ்டிரோன் என்றால் செவ்வாய் இரவு 11 மணிக்கே பாதுகாப்பு முடிந்துவிட்டது. புதன் காலை 6 மணிக்கு, நினைவு வந்த அந்த நிமிஷமே, ஒரு மாத்திரை போட வேண்டும். இரவு வரை காத்திருந்து இரண்டாகப் போடலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. சளி மறுபடி கெட்டியாவது மாத்திரை உள்ளே போன பிறகுதான் தொடங்கும். அன்று இரவு 8 மணிக்கு வழக்கமான மாத்திரை; ஒரே நாளில் இரண்டு ஆவதில் ஆபத்தில்லை. புதன் காலை 6 மணியிலிருந்து வெள்ளி காலை 6 மணி வரை, அதாவது 48 மணி நேரம், ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம். இந்த 48 மணி நேரத்திலும் மாத்திரைகளைச் சரியான நேரத்தில் எடுத்தால்தான் கணக்கு செல்லும். நடுவில் இன்னொன்று தவறினால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். இரண்டு மூன்று நாள் மறந்திருந்தாலும் இதே விதிதான். விட்டுப்போனதை எல்லாம் சேர்த்து விழுங்குவதில் பயனில்லை, ஒன்று போதும்.

அவர் எடுப்பது டெசோஜெஸ்ட்ரல் என்றால் 34 மணி 36-க்குள் அடங்கும். உடனே ஒன்று, இரவு 8 மணிக்கு அடுத்தது, வேறு எதுவும் தேவையில்லை. ஆனால் அவர் 6 மணிக்குப் பார்க்காமல் அலுவலகம் போய் 10 மணிக்கு நினைவு வந்திருந்தால் காலை 8 மணியோடு எல்லை தாண்டிவிட்டது. அப்போது பழைய வகைக்குச் சொன்ன அதே நடைமுறை. இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. பிரிட்டனின் குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவ வழிகாட்டுதல் 48 மணி நேர ஆணுறை போதும் என்கிறது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் 7 நாள் என்று இருக்கும். இரண்டிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. சளி மறுபடி கெட்டியாக 2 நாள் போதும். முட்டை வெளியாவதை முழுதாக அடக்க 7 நாள் வேண்டும். மருத்துவர் 2 நாள் என்று சொல்லியிருந்தால் அவர் தவறாகச் சொல்லவில்லை. கேட்க ஆளில்லாமல் தாளை மட்டும் கையில் வைத்திருப்பவர் 7 நாள் ஆணுறை பயன்படுத்துவதில் இழப்பு ஒன்றுமில்லை.

டிரோஸ்பிரெனோன் என்றால் புதன் இரவு 8 மணி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் எப்போது எடுத்தாலும் போதும். அந்த 48 மணி நேரம் தாண்டினால், அதாவது இரண்டாவது மாத்திரையும் விட்டுப்போனால், இந்த வகையில் தண்டனை கொஞ்சம் நீளம். கடைசியாக விட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு தொடர வேண்டும், 7 நாள் ஆணுறை வேண்டும். முட்டையை அடக்குவதையே நம்பியிருக்கும் மாத்திரை என்பதால் அது மறுபடி நிலைகொள்ள ஒரு வாரம் ஆகும். அட்டையில் எந்த வாரம் விட்டது என்பதும் இதில் முக்கியம். கடைசி வார மருந்து மாத்திரைகளில் விட்டிருந்தால், 24-வது மருந்து மாத்திரை முடிந்ததும் நாலு வெறும் மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிட்டு நேராக அடுத்த அட்டையைத் தொடங்குவது நல்லது. இல்லையென்றால் விட்ட நாட்களும் அந்த நாலு நாளும் சேர்ந்து பெரிய இடைவெளியாகிவிடும். முதல் வாரத்தில் விட்டிருந்தால் இதே சிக்கல் பின்பக்கமாக வரும். அதற்கு முந்தைய நாலு நாளில் நடந்த உறவையும் சேர்த்து அவசர கருத்தடை பற்றி யோசிக்க வேண்டும். வெறும் மாத்திரைகளை மறந்தால் கவலையே வேண்டாம், புதிய அட்டையை அதற்குரிய நாளில் தொடங்கினால் சரி. அவை வேறு நிறத்தில் இருக்கும், நிறத்தைப் பார்த்து எடுங்கள்.

இதைப் படித்ததும் எல்லோருக்கும் வரும் அடுத்த கேள்வி: ஏற்கெனவே உறவு நடந்திருந்தால்? மேலே சொன்ன நோரெதிஸ்டிரோன் உதாரணத்தில் ஆபத்தான நேரம் செவ்வாய் இரவு 11 மணிக்குத் தொடங்கி வெள்ளி காலை 6 மணி வரை. திங்கள் இரவு நடந்தது கணக்கில் வராது. அப்போது மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. செவ்வாய் நள்ளிரவில் ஆணுறை இல்லாமல் நடந்தது கணக்கில் வரும். அதற்கு அவசர கருத்தடை வேண்டும். மினி பில் எடுப்பவருக்கு அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லெவோனோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அன்றே மினி பில்லையும் தொடரலாம். யூலிப்ரிஸ்டால் 30 மில்லிகிராம் 120 மணி நேரம் வரை பயன்படும் என்றாலும் அது புரோஜெஸ்டினுக்கு எதிராக வேலை செய்வது. உடலில் மினி பில் மிச்சம் இருந்தால் அதன் பலன் குறையலாம், எடுத்த பிறகு 5 நாள் மினி பில்லைத் தொடங்கவும் கூடாது. மருந்துக் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாளே மினி பில்லைத் தொடர்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. எல்லாவற்றையும்விட நம்பகமானது 5 நாளுக்குள் பொருத்தும் காப்பர் கருத்தடைச் சாதனம். அது மினி பில்லோடு மோதுவதில்லை. எந்த வழியில் போனாலும், அந்த உறவு நடந்து 3 வாரம் கழித்து சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். மாதவிலக்கு வருகிறதா என்று காத்திருந்து தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் இந்த மாத்திரைகளில் அது ஒழுங்காக வருவதே இல்லை.

இரத்தக்கசிவு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு மாத்திரை தாமதமான அடுத்த நாள் லேசாகப் படுவது சகஜம். அது பாதுகாப்பு போய்விட்டதற்கு அடையாளம் இல்லை. படவில்லை என்பது பாதுகாப்பு இருக்கிறது என்பதற்கும் அடையாளம் இல்லை. மணிக்கணக்கு ஒன்றுதான் அளவுகோல். ஆனால் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியும் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். மினி பில் எடுக்கும்போது தரிக்கும் கர்ப்பங்களில் கருக்குழாயில் தங்குவது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

மறக்காமலே மாத்திரை தவறும் வழிகளும் உண்டு. எடுத்து 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரை உடலில் சேரவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். 8 மணிக்கு எடுத்து 10 மணிக்கு வாந்தி என்றால், கைக்கு எட்டும் இன்னொன்றை உடனே எடுங்கள். பழைய வகையில் அது 11 மணிக்குள் உள்ளே தங்கினால் எதுவும் தவறவில்லை. கடுமையான வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அந்த நாட்களைத் தவறவிட்டவை போலவே பாருங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகள் சாப்பிடுபவருக்கு நேரம் தவறாமல் எடுத்தாலும் பயன் குறையும். அவை கல்லீரலைத் தூண்டி புரோஜெஸ்டினை வேகமாகக் கரைத்துவிடுகின்றன. நிறுத்திய பிறகும் 4 வாரம் வரை அந்த விளைவு இருக்கும். அவர்களுக்கு 3 மணியா 12 மணியா என்ற பேச்சே இல்லை, வேறு முறைக்கு மாற வேண்டும்.

பயணத்தில் தவறுவது இன்னொரு வகை. மேற்குப் பக்கமாகப் பறந்து, உள்ளூர் நேரம் 10 மணி நேரம் பின்னால் இருக்கும் ஊரில் இறங்கியவர் அங்கே இரவு 8 ஆகட்டும் என்று காத்திருந்தால் இடைவெளி 34 மணி நேரம் ஆகிவிடும். டெசோஜெஸ்ட்ரலில் நூலிழையில் தப்பிக்கலாம், பழைய வகையில் தப்பிக்க முடியாது. போன இடத்தில் மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் எப்போதும் முன்னால் இழுத்து மாற்றுங்கள். 24 மணி நேரத்துக்கு முன்பே ஒன்றை எடுத்து அந்தப் புதிய நேரத்தைத் தொடருங்கள். வீட்டிலிருந்தபடியே இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணிக்கு மாற நினைப்பவருக்கும் இதுவே வழி: இரவு 10 மணி மாத்திரைக்கு அடுத்ததை மறுநாள் காலை 7 மணிக்கே எடுத்துவிட வேண்டும். இடைவெளி 9 மணி நேரம் ஆவதால் கெடுதல் இல்லை.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வார நாளை மட்டும் வைத்து யோசிக்காதீர்கள். காலை 6.30 என்று வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை 10 மணிக்கு எழுபவர் பழைய வகையில் வாரம் தவறாமல் எல்லை தாண்டுகிறார், அதுவும் தெரியாமலே. 3 மணி நேர மாத்திரைக்கு இரண்டு அலாரம் வையுங்கள்: ஒன்று மாத்திரை நேரத்துக்கு, இன்னொன்று அதிலிருந்து 2 மணி நேரம் கழித்து. இரண்டாவது அடிக்கும்போதும் இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருக்கும்.

நீங்கள் தாய்ப்பால் கொடுப்பதாக இருந்தால் ஒன்று கூடுதலாக. குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் அதுவே ஒரு காவல். அந்தக் காலத்தில் மாத்திரை சற்றுத் தவறினாலும் ஆபத்து குறைவு. குழந்தை வேறு உணவுக்கு மாறியதும், அல்லது இரவில் பால் குடிப்பதை நிறுத்தியதும், அந்தக் காவல் போய்விடுகிறது. 5 மாதம் வரை அடிக்கடி தாமதமாகியும் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் அதே பழக்கத்தைத் தொடர்பவர்கள் 7-வது, 8-வது மாதத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கடைசியாக, நோரெதிஸ்டிரோனிலிருந்து டெசோஜெஸ்ட்ரலுக்கு நீங்கள் மாறிய நாள் பற்றி. பழைய அட்டையின் கடைசி மாத்திரைக்கு மறுநாளே புதியதை எடுத்திருந்தால், பழையவற்றையும் நேரத்துக்கு எடுத்திருந்தால், ஆணுறை இல்லாமலே பாதுகாப்பு தொடர்ந்திருக்கும். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டிருந்தால் முதல் 2 நாள் ஆணுறை தேவைப்பட்டிருக்கும். அந்த நாட்களில் ஆணுறை இல்லாமல் உறவு நடந்து, 3 வாரமும் கடந்திருந்தால், ஒரு பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள்.